வீட்டோடு ஒட்டாத கார் ஷெட்

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இடம் சும்மா கிடக்கிறது. கார் வெயிலில் காய்கிறது. ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் டேப்பை நீட்டி அளந்துவிட்டு, நிமிர்ந்து வீட்டுச் சுவரைப் பார்ப்பார். அடுத்து என்ன சொல்வார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

"இந்தப் பக்கம் தூணே வேண்டாம் சார். சுவத்துல பிளேட் வெச்சு போல்ட் அடிச்சிடலாம். தூண் செலவு மிச்சம், காரும் தாராளமா நிக்கும்."

இந்த அத்தியாயம் அந்த யோசனையை மறுப்பதற்காகத்தான் எழுதப்படுகிறது. வீட்டை ஒட்டிக் கட்டும் ஷெட்டில் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி, புதியதைப் பழையதோடு கட்டிப்போடுவதால் வருபவை. மீதிப் பாதி தண்ணீரால் வருபவை. அந்தத் தண்ணீர்த் தொல்லையும் பெரும்பாலும் புதுக் கூரையும் பழைய சுவரும் சந்திக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஷெட் தன் காலிலேயே நிற்க வேண்டும். வீட்டுச் சுவரிடமிருந்து ஒரு தகர மடிப்பு மட்டும்தான் அதற்குத் தேவை.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். சென்னைப் புறநகரில் தூணும் பீமும் போட்டுக் கட்டிய ஒற்றை மாடி வீடு. பக்கவாட்டில் சுவருக்குச் சுவர் பதினொன்றரை அடி இடம். ஷெட்டின் நீளம் 20 அடி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண். வீட்டின் தரைமட்டம் மண்ணிலிருந்து 2 அடி உயரம். ஜன்னலின் சன்ஷேடு மண்ணிலிருந்து 9 அடியிலும், மொட்டைமாடித் தளம் 12 அடியிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டு அளவுகள் வேறாக இருக்கலாம், ஆனால் கணக்குப் போடும் முறை இதேதான்.

வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்துக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வரையறை உண்டு. தகரக் கூரைதானே என்று நாம் நினைப்பதைப் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே நினைப்பார் என்று சொல்ல முடியாது.

கூரை கீழே விழாது, மேலே போகும்

கான்கிரீட் கூரையைப் பார்த்துப் பழகியவர்கள், தூண் என்றால் பாரம் தாங்குவது என்றே எண்ணுவார்கள். தகரக் கூரையில் பாரமே இல்லை. நம் உதாரணத்தில் கூரை ஏறத்தாழ 11 அடிக்கு 20 அடி, அதாவது 220 சதுர அடி. மீட்டரில் சொன்னால் 20 சதுர மீட்டர். ஷீட், பர்லின், ராஃப்டர், தூண் எல்லாம் சேர்த்து எடை சுமார் 500 கிலோ. ஆறு தூணுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

தூணுக்கு உண்மையான சோதனை காற்று. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, ஒவ்வொரு ஊருக்கும் கட்டட வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. சென்னைக்கு அது நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. அழுத்தத்தைக் கணக்கிடும் வழி எளிது: வேகத்தை அதனாலேயே பெருக்கி 0.6-ஆல் பெருக்க வேண்டும். 50-ஐ 50-ஆல் பெருக்கினால் 2500, அதன் 0.6 பங்கு 1500 நியூட்டன். அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். சுற்றிலும் வீடுகள் இருப்பதையும் கூரை தாழ்வாக இருப்பதையும் கருதி இதைக் குறைக்கலாம். ஆனால் ஒரு பக்கம் வீட்டுச் சுவர் அடைத்து நிற்கிறதே! ஷெட்டுக்குள் புகுந்த காற்று சுவரில் முட்டி, வெளியேற வழியில்லாமல் கூரையை அடியிலிருந்து நெட்டும். அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சும். அதனால் நிறையக் குறைத்துக்கொள்ள முடியாது. தோராயமாகச் சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கிய இழுப்பு என்று வையுங்கள்.

20 சதுர மீட்டருக்கு அது 2000 கிலோ. கூரையின் சொந்த எடை 500 கிலோவைக் கழித்தால், 1500 கிலோ இழுப்பு மேல்நோக்கி மிஞ்சுகிறது. நடுத்தூண் ஒவ்வொன்றின் பங்குக்கும் இதில் சுமார் 300 கிலோ வரும்.

இப்போது அஸ்திவாரத்துக்கு வருவோம். பட்டறைக்காரர்கள் வழக்கமாகத் தோண்டும் குழி ஒரு அடிக்கு ஒரு அடி, ஆழம் ஒன்றரை அடி. அதில் நிரம்பும் கான்கிரீட் ஒன்றரை கன அடி. எடை 100 கிலோ சொச்சம். 300 கிலோவோடு இழுக்கும் தூணை 100 கிலோ கட்டி பிடித்து வைக்காது. புயலுக்கு மறுநாள் தூண், கட்டி, கூரை எல்லாம் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து மனையில் கிடப்பது இதனால்தான். அதுவே 2 அடிக்கு 2 அடி, ஆழம் இரண்டரை அடி என்றால் 10 கன அடி கான்கிரீட், எடை 680 கிலோ. தேவையானதைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. இந்த இரு மடங்கு ஊதாரித்தனம் அல்ல. ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு சராசரியை விட அதிகம். நம் கணக்கும் தோராயம்தான். கடற்கரைக்கு அருகில் இருந்தாலோ, கூரை இதைவிடப் பெரிதாக இருந்தாலோ ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவதே சரி.

சுவரில் போல்ட் அடிக்கும் யோசனை ஏன் ஆகாது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வீட்டுப் பக்கத்து மூன்று தூண்களை எடுத்துவிட்டால் அந்த 1500 கிலோவில் பாதி, சுவரில் அடித்த போல்ட்டுகள் மேல் விழும். செங்கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும். இழுப்புக்கும் ஆட்டத்துக்கும் அது ஆகாது. ஒவ்வொரு காற்றிலும் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, துளை அகன்று, பூச்சு விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கும். போதாததற்கு, வீடு எப்போதோ மண்ணில் உட்கார்ந்து முடித்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் இறுகக் கட்டினால் விரிசல் விழுவது வீட்டுச் சுவரில்தான்.

தூண் எங்கே நிற்க வேண்டும்

சுண்ணாம்புக்கோடு போடுவதற்கு முன் காரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நான்கு கதவையும் விரியத் திறந்து, ஒவ்வொரு கதவின் முனையும் தரையில் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். சிறிய கார்கள் 4 மீட்டர் நீளத்துக்குள், அதாவது 13 அடிக்குள், அடங்கும். அகலம் கண்ணாடியை மடக்கினால் ஆறடிக்குள் நிற்கும். தூண்களை 20 அடி நீளத்தில் 2, 10, 18 அடிகளில் நிறுத்தினால் இரண்டு முனையிலும் 2 அடி கூரை நீட்டிக்கொண்டு நிற்கும். நடுத்தூண் ஓட்டுநர் கதவுக்கு நேரே வருகிறதா என்று அந்த சாக்பீஸ் கோடு சொல்லிவிடும். வந்தால் நடுத்தூண்களை ஒரு அடி முன்னோ பின்னோ நகர்த்துவதில் தவறில்லை.

அகலவாக்கில், வீட்டுச் சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி ஒரு வரிசை. காம்பவுண்டிலிருந்து 4 அங்குலம் தள்ளி மற்றொரு வரிசை. 4 அங்குலச் சதுரத் தூண் என்றால் நடுவில் சுத்தமாக 10 அடி கிடைக்கும். காரை ஒரு பக்கம் ஒண்டி நிறுத்தினால் மறுபக்கம் கதவைத் திறந்து ஆள் இறங்க மூன்றடி இருக்கும்.

தோண்டும்போதுதான் பழைய வீடு குறுக்கே வரும். தூண், பீம் போட்ட வீடு என்றால் அதன் அகன்ற அடித்தளம் தூண்களுக்குக் கீழே மட்டும்தான் இருக்கும். இரண்டு தூணுக்கு நடுவே பிளிந்த் பீம் மட்டுமே ஓடும். ஆகவே புதுக்குழி, வீட்டுத் தூண்களுக்கு நடுவில் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கருங்கல் அஸ்திவாரம் போட்ட பழைய வீடு என்றால் சுவர் முழுநீளத்துக்கும் கல் வெளியே நீட்டியிருக்கும். அதை உடைக்கவோ, அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவோ கூடாது. தூணை இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு அடியைக் காரின் இடத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

காம்பவுண்டு பக்கத்திலும் இதே சிக்கல். அந்தச் சுவரின் அஸ்திவாரம் பெரும்பாலும் மேலோட்டமானது. பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் சுவர் சாய்ந்துவிடும். எனவே அந்தப் பக்கத்துக் குழியை 2 அடிச் சதுரமாக வெட்டாமல் ஒன்றரை அடி அகலம், இரண்டே முக்கால் அடி நீளம் என்று சுவருக்கு இணையாக வெட்டினால் கான்கிரீட்டின் எடை குறையாது, சுவருக்கு ஆபத்தும் குறையும். ஒரே நாளில் மூன்று குழியையும் வெட்டிப் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஒன்றை வெட்டி, கான்கிரீட் கொட்டி, அடுத்ததற்குப் போக வேண்டும். கொத்தனார் முணுமுணுப்பார்.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது இன்னொரு கெட்ட வழக்கம். மண்ணும் இரும்பும் சந்திக்கும் அந்த ஒரு விரற்கடையில்தான் துரு பிடித்துத் தூண் அறுந்துபோகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். கான்கிரீட் கட்டியைத் தரைக்கு மேல் 6 அங்குலம் ஒரு சிறு மேடையாக எழுப்பி, அதில் 16 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கைப் பதித்து, தூணின் அடியில் 8 அங்குலச் சதுர பேஸ் பிளேட்டைப் பற்றவைத்து, நட்டு போட்டு முறுக்குவதே முறை. பேஸ் பிளேட்டில் போடும் அதே துளைகளோடு ஒரு மரப்பலகையை வெட்டி, அதில் போல்ட்டுகளைத் தொங்கவிட்டுக் கான்கிரீட் கொட்டினால் துளையும் போல்ட்டும் பிசகாது. பிசகினால் வெல்டர் துளையை கேஸ் வைத்து ஊதிப் பெரிதாக்குவார், அதை அனுமதிக்காதீர்கள். ஒரு வாரம் தண்ணீர் விட்டு நனைத்த பிறகு தூணை ஏற்றலாம். தூணின் தலையைத் தகடு வைத்து மூடிவிடுங்கள். மூடாத குழாய்த் தூண் மழைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

தூணுக்கு 4 அங்குலச் சதுரக் குழாய், 4 மில்லிமீட்டர் கனம். எதிரெதிர்த் தூண் இரண்டையும் இணைக்கும் ராஃப்டருக்கு 4-க்கு 2 அங்குலம், 3 மில்லிமீட்டர். அதற்கு மேல் நீளவாக்கில் நான்கு வரிசை பர்லின், மூன்றரை அடி இடைவெளியில். கனத்தைப் பேச்சில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குழாய் வந்து இறங்கியதும் வெட்டிய முனையில் வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

சரிவு எந்தப் பக்கம்

சரிவு வீட்டிலிருந்து விலகி, காம்பவுண்டை நோக்கித்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பக்கம் சாய்த்தால் கட்டரை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டிவரும். இலை அடைத்துக்கொண்ட முதல் நாளே தண்ணீர் பொங்கிச் சுவரில் இறங்கும். சரிவின் அளவு அடிக்கு ஒரு அங்குலம். 11 அடிக்கு 11 அங்குலம். இதைவிடக் குறைத்தால் தண்ணீர் மெதுவாக ஊர்ந்து, ஷீட்டுகளின் மேலடுக்கு வழியே பின்னோக்கி ஏறும்.

உயரத்தை சன்ஷேடுதான் முடிவு செய்யும். நம் வீட்டில் அது 9 அடியில் இருக்கிறது. கூரையை அதற்குக் கீழே கொண்டுபோனால் ஜன்னல் இருட்டாகும், காற்றும் போய்விடும். அதனால் வீட்டுப் பக்கம் ஷீட்டின் மேல்மட்டத்தைப் பத்தரை அடியில் வைப்போம். ராஃப்டரின் அடி 9 அடி 10 அங்குலத்துக்கு வரும்; சன்ஷேடுக்கு மேலே இடைவெளி கிடைக்கும், மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே ஒன்றரை அடியும் மிஞ்சும். காம்பவுண்டு பக்கம் 9 அடி 7 அங்குலம். இந்த உயரங்களை டேப்பால் தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை மேடு பள்ளமாக இருக்கும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் ஆறு தூணுக்கும் ஒரே மட்டக்கோடு போட்டுவிட்டு, அதிலிருந்து மேலே அளக்க வேண்டும்.

ஷீட் வாங்கும்போது கடைக்காரர் 0.5 மில்லிமீட்டர் என்பது எதன் கனம் என்று கேளுங்கள்: இரும்பின் கனமா, மேலே பூசிய துத்தநாகமும் பெயின்ட்டும் சேர்த்த கனமா? இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஷீட் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தை மூடும். 20 அடிக்கு ஏழு ஷீட் வேண்டும். 11 அடி நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டி வாங்குங்கள். சரிவின் நடுவே மூட்டு வரவே கூடாது. பக்கவாட்டு அடுக்கின் வாய், மழைக்காற்றுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். நம் கடற்கரை மாவட்டங்களில் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே ஷெட்டின் தெற்கு அல்லது மேற்கு முனையில் முதல் ஷீட்டைப் போட்டு, எதிர் முனை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு போக வேண்டும்.

ஸ்க்ரூ விஷயத்தில் பட்டறை ஆட்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஷீட்டின் பள்ளத்தில் ஸ்க்ரூ அடிப்பது அவர்களுக்குச் சுலபம். சின்ன ஸ்க்ரூ போதும், கையும் நழுவாது. ஆனால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தான். ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடித்த அன்றே அங்கே சொட்டத் தொடங்கும். மேட்டில்தான் அடிக்க வேண்டும். அதற்கு நீள ஸ்க்ரூ தேவை, வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முறுக்கும்போது வாஷர் லேசாக விளிம்பு பிதுங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். சப்பையாக நசுங்கினால் அது மிகை. கையால் சுழன்றால் அது குறை. துளையிட்ட இரும்புத்தூளை அன்றைக்கே விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளாவிட்டால், ஒரு வாரத்தில் ஷீட் முழுவதும் துருப்புள்ளி விழும். ஷீட்டைக் கட்டிங் வீலால் அறுக்கவும் விடாதீர்கள்; தெறிக்கும் தீப்பொறி பூச்சைச் சுட்டுவிடும்.

சுவரும் ஷீட்டும் சந்திக்கும் இடம்

இதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. ஷீட்டைச் சுவரோடு இடித்து வைத்து, மேலே சிமென்ட் கலவையைக் கை நிறைய அள்ளி அப்பி, கரண்டியால் இழுத்துவிடுவது கொத்தனார் வழக்கம். முடித்த அன்று பார்க்கத் திருத்தமாக இருக்கும். 20 அடி இரும்பு, விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீளும். சுவர் அப்படி நீளாது. நடுவில் மாட்டிய கலவை ஒரே கோடையில் பிளந்துவிடும். அதைத் தொடர்ந்து வரும் மழையில் சுவரின் உட்பக்கம் வரவேற்பறையில் ஈரத்திட்டு தெரியும்.

சரியான வழி இது. ஷீட்டின் மேல்முனை சுவரைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நிற்கட்டும். அந்த முனையில் பள்ளங்களின் நுனியை மட்டும் இடுக்கியால் பிடித்து மேல்நோக்கி மடக்கிவிடுங்கள். காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பிவிடும். ஷீட்டுக்கு 6 அங்குலம் மேலே சுவரில் கோடு போட்டு, கட்டிங் மெஷினால் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி எடுங்கள். பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் கொஞ்சம் இறங்க வேண்டும். பூச்சிலேயே நின்றுவிட்டால் பூச்சுக்குப் பின்னால் வரும் தண்ணீர் தகட்டின் பின்பக்கமாக இறங்கும். ஷீட் நிறத்திலேயே பட்டறையில் மடித்துத் தரும் ஃபிளாஷிங் தகட்டின் மேல்விளிம்பை இந்தக் காடிக்குள் செருகி, சுவரில் திருகிப் பிடித்து, காடியை பாலியூரித்தேன் சீலன்டால் நிரப்ப வேண்டும். கண்ணாடிக்காரர்கள் வைக்கும் சாதாரண சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. தகடு சுவரை ஒட்டி இறங்கி, வளைந்து, ஷீட்டின் மேல் 8 அங்குலமாவது படர வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தகட்டைச் சுவரில் மட்டும் பிடிக்க வேண்டும், ஷீட்டோடு சேர்த்து ஸ்க்ரூ அடிக்கக் கூடாது. தாவணி முந்தானை மாதிரி அது மேலே படர்ந்து கிடந்தால் போதும். ஷீட் அதன் அடியில் நீளட்டும், சுருங்கட்டும், காற்றில் அதிரட்டும். காற்றில் தகடு படபடக்காமல் இருக்க அதன் கீழ்விளிம்பை உள்நோக்கி மடித்து விறைப்பாக்கி வாங்குங்கள். ஷீட்டின் மேடுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே தெரியும் சந்துகளை ஷீட் வடிவத்திலேயே கிடைக்கும் ஃபோம் பட்டையால் அடைத்துவிட்டால் குருவி கூடு கட்டாது.

இன்னொன்று, மொட்டைமாடியின் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு மூன்றங்குலக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை நாள் அது வெறுந்தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. இனி அது ஷீட்டின் மேல், அதுவும் ஃபிளாஷிங்கை ஒட்டி ஊற்றும். மாடி 600 சதுர அடி, அதில் பாதித் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது என்றால், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் அது 2800 லிட்டர். ஷெட்டின் மேல் நேராக விழும் மழையே 2000 லிட்டர்தான். இதற்காக ஷீட்டில் துளைபோட்டுக் குழாயை இறக்குவார்கள். அந்தத் துளை ஒருநாளும் ஒழுகாமல் இருக்காது. குழாயின் வாயில் ஒரு வளைவு மாட்டி, கூரைக்கு மேலேயே சுவரை ஒட்டிக் கிடைமட்டமாகக் கொண்டுபோய், ஷெட் முடியும் முனைக்கு அப்பால் கீழே இறக்குங்கள். ஷீட் போட்ட பிறகு அந்த இடத்துக்கு ஏறுவது சிரமம், அதனால் பிளம்பர் வேலை வெல்டர் வேலைக்கு முந்தி நடக்கட்டும்.

கட்டரிலிருந்து மண்ணுக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். அந்த 2000 லிட்டர் மணிக்கு என்றால், நிமிடத்துக்கு 33 லிட்டர் கட்டருக்குள் வருகிறது. இதற்கு 2 அங்குலக் குழாயே போதும் என்று தோன்றும். தண்ணீர் மட்டும் வந்தால் போதும்தான். வேப்பிலையும் புங்கம்பூவும் அணில் கொண்டுவந்து போட்ட தேங்காய் நாரும் சேர்ந்து வரும்போது 2 அங்குலக் குழாய் முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும். 4 அங்குலக் குழாய் வைப்பது தண்ணீருக்காக அல்ல, இலைக்காக. கட்டரும் அதே காரணத்துக்காக 6 அங்குல அகலம், 5 அங்குல ஆழம்.

ஷீட்டின் கீழ்முனை கட்டருக்குள் 2 அங்குலம் நீட்டினால் போதும். அதிகம் நீட்டினால் பெருமழையில் தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதிக்கும், கை விட்டுச் சுத்தம் செய்யவும் இடமிருக்காது. கட்டரின் வெளி விளிம்பு உள் விளிம்பை விட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். என்றைக்காவது அடைத்துப் பொங்கினால் தண்ணீர் வெளிப்பக்கம் வழியும், ராஃப்டர் மேல் வழியாது. அதே காரணத்தால் கட்டரின் வெளி விளிம்பு உங்கள் காம்பவுண்டு சுவரின் உள்முகத்தைத் தாண்டக் கூடாது. பொங்கும் தண்ணீர் உங்கள் மனையில்தான் விழ வேண்டும். 20 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வைத்து, தாழ்ந்த முனையில் இறங்கு குழாயை மாட்டுங்கள்.

குழாய் போய்ச் சேரும் இடம் மழைநீர்ச் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். பழைய குழி இருந்தால் அதிலேயே இணைக்கலாம், ஆனால் முதலில் அதைத் தோண்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் சேறாக இருக்கும். புதிதாக வெட்டினால் 3 அடி விட்டம், 6 அடி ஆழத்துக்கு சிமென்ட் உறை இறக்கினால் 1200 லிட்டர் கொள்ளும். மணற்பாங்கான மண்ணில் ஒரு பக்கம் நிரம்ப, மறுபக்கம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்தக் குழி போதும். களிமண்ணில் நிலைமை வேறு. தெரிந்துகொள்ள, குழி வெட்டும் இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மாலையில் ஊற்றியது காலையிலும் நின்றால் அந்த மண்ணை நம்பிக் குழி வெட்டுவதில் பயனில்லை. களிமண் அடுக்கு முடியும் வரை ஆழமாகத் துளையிட வேண்டும், அல்லது தெருவின் மழைநீர் வடிகாலுக்குக் குழாய் போட வேண்டும். எந்த மண்ணானாலும் குழிக்கு ஒரு நிரம்பி வழியும் குழாய் வேண்டும். அதைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் மாட்டாதீர்கள். அது விதிமீறல் மட்டுமல்ல, அடைமழையில் தெருவின் சாக்கடை உங்கள் குளியலறை வழியாகத் திரும்பி வரும். குழி, வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் புதுத் தூண்களிலிருந்தும் செப்டிக் டேங்க்கிலிருந்தும் இடம் அனுமதிக்கும் அளவு தள்ளி இருக்கட்டும். பத்தடி கிடைத்தால் நல்லது.

தரையை 18 அடிக்கு 3 அங்குலம் என்று வாசலை நோக்கிச் சாய்ப்பது வழக்கம். தெரு உங்கள் மனையை விடத் தாழ்வாக இருந்தால் அது சரி. பல ஊர்களில் சாலையை மேல்மேலும் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. அங்கே வாசலை நோக்கிச் சாய்த்தால் தண்ணீர் கேட்டருகே தேங்கும்; தெருத்தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் கேட்டுக்கு உட்பக்கம் முழு அகலத்துக்கும் 6 அங்குலக் கால்வாய் எடுத்து, கார் ஏறினாலும் வளையாத கனத்தில் கம்பிச் சட்டம் போட்டு மூடி, அதைக் குழியோடு இணைக்க வேண்டும். நடுவில் ஒரு சிறு தொட்டி கட்டி மண்ணை வடித்த பிறகே தண்ணீரைக் குழிக்குள் விடுங்கள். காரின் எண்ணெய் சொட்டும் இடத்தைக் கழுவிய தண்ணீரை நிலத்தடிக்கு அனுப்ப வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் மழைக்குக் காத்திருக்காமல் ஹோஸ் குழாயை மாடிக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். ஒருவர் ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்க்க, மற்றவர் முதலில் ஷீட்டின் கீழ்ப்பாதியிலும், பிறகு மேல்பாதியிலும், கடைசியாக ஃபிளாஷிங்குக்கு மேலே சுவரிலும் நிதானமாக ஊற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரை நிறுத்திய பிறகு கட்டரைப் பாருங்கள்: எங்காவது குட்டை நின்றால் அந்தத் தாங்கியை அன்றைக்கே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழை முடியும் வரை நிறுத்திவைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் பட்டறைக்காரரும் இந்தச் சோதனைக்கு மனமுவந்து வருவார். அதன்பின் ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியில் கட்டரை வாரி, ஃபிளாஷிங் சீலன்டை விரலால் தடவிப் பார்த்து, பேஸ் பிளேட் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிட வேண்டும்.